பதினெட்டு அங்குலக் கைப்பிடிகள்

கதவைச் செதுக்கும் தங்கைக்கும், கதவுக்குக் கைப்பிடி விற்கும் அக்காவுக்கும் இடையே பதினொரு ஆண்டுகளாக எழுதாத ஓர் ஒப்பந்தம் இருந்தது. பின்தகட்டின் அளவு தெரியாமல் தங்கை உளியைத் தொடமாட்டார். தங்கையின் கதவுக்கு அக்கா தவிர வேறு எவரும் பித்தளை கொடுக்கமாட்டார். ஊரில் இருவரையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். "கதவு தங்கச்சிகிட்ட, கைப்பிடி அக்காகிட்ட" என்று அது ஒரு சொலவடையாகவே ஆகிவிட்டிருந்தது.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு நியாயம் உண்டு. செதுக்கிய தேக்குக் கதவில் கைப்பிடியின் பின்தகடு எங்கே உட்காருமோ, அந்த இடத்தைச் செதுக்காமல் மேடையாக விட்டுவிட வேண்டும். மேடு பள்ளமான பூவேலையின் மேல் தகட்டை வைத்து இறுக்கினால் தகடு ஆடும். ஆடும் தகட்டின் அடியில் பூவிதழ் நொறுங்கும். மேடை பெரிதாகிவிட்டாலோ, தகட்டைச் சுற்றி வழுக்கைத் தலைபோல வெறும் மரம் தெரியும். ஆகவே தங்கை தகட்டின் ஓரத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் மட்டும் இடம் விட்டு, அங்கிருந்து கொடியைத் தொடங்குவார். அந்த மூன்று மில்லிமீட்டரில்தான் அவருடைய பெயர் இருந்தது.

இப்போதைய கதவு ஒரு புதிய தங்கும் விடுதியின் தலைவாசலுக்கானது. ஏழடி உயரம், இரட்டைக் கதவு, ஐம்பது மில்லிமீட்டர் கனம். விடுதியின் உரிமையாளரான அம்மையார் கண்டிப்பானவர். ஆனால் சொல் மாறாதவர். "வாசக்கதவு எனக்குப் பிடிச்சிருந்தா, உள்ள பதினொரு அறைக் கதவும் உங்க கையாலதான்" என்று சொல்லியிருந்தார். தங்கை அந்தப் பதினொரு கதவுகளை நம்பி, கடந்த சில மாதங்களில் வந்த சிறு வேலைகளை எல்லாம் மரியாதையாகத் திருப்பி அனுப்பியிருந்தார். கணவர் இறந்த பிறகு, அடுத்த ஓராண்டுக்கு என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு அவர் உறங்கியது இந்தச் சில மாதங்களில்தான்.

கதவைப் பொருத்தியது முன்தினம். கைப்பிடியும் தட்டுவளையமும் மாட்டும் நாள் இன்று. மாலை நான்கு மணிக்கு விடுதியம்மா பார்க்க வருவார்.

துளைபோட வந்திருந்தவரை ஊரில் எல்லோரும் மில்லிமீட்டர் என்றே அழைப்பார்கள். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்காவது நினைவிருக்குமா என்பது ஐயமே. சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் "ரெண்டு மில்லி கம்மி" என்பார். பொருள் கைக்கு வராமல் துளை போடமாட்டேன் என்பது அவருடைய விரதம்.

அக்காவின் கடையிலிருந்து வந்த பெட்டியைத் திறந்து, முதலில் தட்டுவளையத்தை எடுத்தார். வட்டத் தகட்டில் சிங்கமுகம். அதன் வாயில் ஒரு கனத்த வளையம். வளையம் வந்து மோதுவதற்குக் கீழே ஒரு குமிழ். குமிழ் சரியான இடத்தில் அமையாவிட்டால் வளையம் மரத்தில் மோதி, ஒரே மாதத்தில் கதவில் பிறை நிலாவைப் பதித்துவிடும். மில்லிமீட்டர் வளையத்தைத் தொங்கவிட்டுப் பார்த்துக் குமிழின் இடத்தைக் குறித்தார். வெளிப்புறமிருந்து துளைத்து, துளைமுனை மறுபக்கம் எட்டிப்பார்த்ததும் நிறுத்தி, உள்பக்கம் போய் அங்கிருந்து முடித்தார். ஒரு சிலும்புகூடப் பெயரவில்லை.

"பாத்தியாம்மா? மரத்துக்கே தெரியாம ஓட்டை போட்டிருக்கேன்."

"மரத்துக்குத் தெரியாது அண்ணா. எனக்குத்தான் ஒவ்வொரு சுத்தும் தெரியுது" என்றார் தங்கை.

உள்பக்கமிருந்து வாஷருடன் போல்ட்டை நுழைத்த மில்லிமீட்டர் அதன் தலையைத் தட்டிப் பார்த்தார். பிறகு போல்ட்டை வெளியே இழுத்தார். மறுபடி நுழைத்தார்.

"என்னண்ணா?"

"உள்ள போனவன் வெளிய வரல. தலைமறைவாயிட்டான்."

தங்கை வெளிப்புறம் குனிந்து பார்த்தார். கதவை ஊடுருவி வந்து, சிங்கமுகத்தின் பின்னாலுள்ள மரையில் ஒரு விரற்கடையாவது ஏறியிருக்க வேண்டிய போல்ட், துளையின் இருட்டுக்குள்ளேயே நின்றுவிட்டிருந்தது.

"அம்பது நீளம்" என்றார் மில்லிமீட்டர், அளவுகோலை வைத்து. "வாஷருக்கு ரெண்டு போச்சுன்னா நாப்பத்தெட்டு. நம்ம கதவு கனமே அம்பது. அறுபத்தஞ்சு இல்ல வந்திருக்கணும்?"

"அக்கா அவசரத்துல மாத்திப் போட்டிருப்பாங்க. பாவம், ஒத்தை ஆளு."

இதைச் சொல்லிக்கொண்டே தங்கை கைப்பிடிகளைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்தார். பிரித்தவர் ஒரு கைப்பிடியைக் கதவின் மேடையில் வைத்துப் பார்த்தார்.

அவர் கேட்டிருந்தது பதினெட்டு அங்குலக் கைப்பிடி. பின்தகடு இருபது அங்குலம். அக்காவே கொண்டுவந்து கொடுத்த தகட்டின் அச்சுத்தாளை ஒட்டித்தான் மேடை விட்டிருந்தார். வந்திருப்பதோ பன்னிரண்டு அங்குலக் கைப்பிடி, தகடு பதினான்கு. மேடையில் வைத்தால் மேலே மூன்று அங்குலம், கீழே மூன்று அங்குலம் வெறும் மரம் பல்லிளித்தது. அப்பாவின் சட்டையைப் பிள்ளைக்குப் போட்டதுபோல இருந்தது கதவு.

மில்லிமீட்டர் போல்ட் வந்த பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் தங்கையிடம் நீட்டினார். அக்காவின் கடையில் கதவின் கனத்தைப் பொட்டலத்தின் மேல் எழுதி, அதற்கேற்ற போல்ட்டைப் போட்டுத்தான் கொடுப்பார்கள். பொட்டலத்தின் மேல் அக்காவின் வட்டமான கையெழுத்தில் 35 என்று இருந்தது.

"மாத்திப் போட்டது இல்லம்மா இது" என்றார் மில்லிமீட்டர் தாழ்ந்த குரலில். "முப்பத்தஞ்சு கனத்துக்குக் கணக்குப் போட்டு எடுத்து வெச்சது. இந்த ஊர்ல முப்பத்தஞ்சுல செதுக்குக் கதவு பண்றது யாரு?"

இருவருக்கும் தெரியும். பலகையைப் படுக்கவைத்து, கணினியில் படத்தைக் கொடுத்து, இயந்திரத்தால் பூவேலை செய்பவர் ஒருவர் ஊர் எல்லையில் பட்டறை போட்டிருந்தார். அவரை மெஷின்காரர் என்பார்கள். அக்கா அவரை "கதவா அது, பிஸ்கட்" என்று கேலி செய்வதைத் தங்கை பலமுறை கேட்டுச் சிரித்திருக்கிறார்.

"நான் போய்க் கேட்டுட்டு வந்துடறேன்" என்றார் தங்கை.

அக்காவின் கடை நான்கு தெருக்கள் தள்ளி இருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தால், இருபுறச் சுவர்களிலும் பலகைகளில் கைப்பிடிகள் வரிசையாக மின்னும். ஆறங்குலத்திலிருந்து மூன்றடி வரை. வழக்கமாக நடுவில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் இருக்கும். இன்று அவை ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன. நடுவில், தனக்கென ஒரு சட்டத்தில், தரையில் ஊன்றிய இரட்டைக் கதவு ஒன்று நின்றது.

அதில் பதினெட்டு அங்குலக் கைப்பிடிகள் இரண்டும் கம்பீரமாக இருந்தன.

தங்கைக்கு முதலில் கோபம் வரவில்லை. கைப்பிடி எத்தனை அழகாகப் பொருந்தியிருக்கிறது என்றுதான் தோன்றியது. பின்தகட்டைச் சுற்றி மூன்று மில்லிமீட்டர். அதை ஒட்டிப் பிரிந்து மேலேறும் கொடி. அருகில் சென்றார். கொடியின் வளைவுகள் தமக்குத் தெரிந்தவையாக இருந்தன. விரலால் தொட்டுக்கொண்டே மேலே போனார். மேல் பாகத்தில், ஓரிடத்தில், கொடி காரணமில்லாமல் சட்டென்று இடப்புறம் விலகி, ஓர் இலையைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டு, மறுபடி தன் பாதைக்கு வந்தது.

தங்கையின் விரல் அங்கே நின்றது.

அவருடைய தேக்குச் சட்டத்தில் அந்த இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கணு இருந்தது. உளி வைத்தால் பெயர்ந்துவிடும் கணு. அதற்காகக் கொடியை வளைத்து, அந்த இலையைக் குடைபோலக் கவிழ்க்க இரண்டு நாள் யோசித்தார். இந்தப் பலகையில் கணுவே இல்லை. எந்தத் தடையுமில்லாத இடத்தில் கொடி பயந்து ஒதுங்கிப் போயிருந்தது.

இரண்டு மாதம் முன்பு, விடுதிக் கதவின் முதல் சட்டத்தைச் செதுக்கி முடித்த அன்று, அக்கா ஒரு சுருள் மெல்லிய தாளுடன் பட்டறைக்கு வந்தார். "சிங்கமுகம் வார்க்கிறவங்க உன் இலையைப் பாக்கணும்கிறாங்க. அதே சாயல்ல பிடரி மயிரை வார்த்துடுவாங்க" என்றார். தாளைச் சட்டத்தின் மேல் விரித்து, மேலிருந்து கீழ் வரை கரிக்கட்டியால் தேய்த்து அச்செடுத்தார். தாள் நகராமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் தங்கையேதான். தம் தலையில் மிளகாய் அரைக்க, அம்மிக்கல்லையும் தாமே தூக்கிக் கொடுத்திருக்கிறோம் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

உள்ளறையிலிருந்து அக்கா வந்தார். தங்கையைக் கண்டதும் அவர் முகம் மாறி, மறுகணமே சிரிப்பாக ஆனது.

"வாடி. சாப்பிட்டியா?"

"கைப்பிடி மாறி வந்திருக்குக்கா."

"ஆமாண்டி, சொல்லணும்னுதான் இருந்தேன். பெருசு இருப்பு இல்ல. சின்னதே லட்சணமா இருக்கும். மிச்ச இடத்துல ரெண்டு இலையை வெட்டிவிட்டுடேன். உன் கைக்கு அது எவ்வளவு நேரம்?"

"இருப்பு இல்லையா?" தங்கை கதவைத் திரும்பிப் பார்த்தார். "இது என்னக்கா?"

அக்கா ஓரத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இந்தக் கொடி யாரோடதுக்கா?"

"கொடின்னா எல்லாம் கொடிதான். இதுல உன்னோடது என்னோடதுன்னு…"

"இந்த இலை ஏன் இங்க கவுந்திருக்கு? சொல்லுங்க. நீங்க சொல்லிட்டா நான் பேசாம போயிடறேன்."

அக்கா அந்த இலையைப் பார்த்தார். அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. அது தெரியாததுதான் தங்கையை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

"உக்காரு" என்றார் அக்கா. தங்கை உட்காரவில்லை. "சரி, நின்னுக்கிட்டே கேளு. அந்தம்மாவுக்கு நாப்பது நாள்ல பதினொரு கதவு வேணும். நீ ஒரு கதவுக்கு ஒரு மாசம் எடுக்கறே. வருஷம் முழுக்க அவங்க வாசல்லயா உக்காந்திருப்பாங்க? மெஷின்காரர் என்கிட்ட வந்தார். நீங்க டிசைன் குடுங்க, கைப்பிடி எல்லாம் உங்ககிட்டயே எடுத்துக்கறேன்னார். நான் வேண்டாம்னா அவர் வேற கடைக்குப் போவார். போனா உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

"அவங்க என்கிட்ட நாப்பது நாள்னு சொல்லவே இல்லையே."

"என்கிட்ட சொன்னாங்க."

"உங்ககிட்ட சொன்னதை நீங்க என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டு, ராவும் பகலும் உளியைப் பிடிச்சு, எப்படியாவது முடிச்சுடுவே" என்றார் அக்கா. சொன்ன பிறகுதான், தாம் சொல்லியது என்னவென்று அவருக்கே கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தங்கை கதவிலிருந்து கையை எடுத்தார்.

"பதினொண்ணும் போயிடுச்சா?" என்று தங்கை கேட்டார்.

"காலையில வந்து இந்தக் கதவைப் பாத்தாங்க. கையெழுத்துப் போட்டாச்சு."

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். மேய்ந்துவிட்டுப் பயிரிடமே சாப்பிட்டாயா என்று கேட்கவும் செய்யும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. தங்கை சுவரோரப் பெட்டியிலிருந்து, போல்ட் திருகும் பதின்மூன்றாம் எண் குழாய்ச் சாவியை எடுத்தார்.

"என்னடி பண்றே?"

"கைப்பிடியைக் கழட்டறேன். அது விடுதிக் கதவுக்காகச் சொல்லி வெச்சது. அந்தக் கதவுக்குத்தான் போகணும்."

"அது ஷோரூம் கதவுடி!"

"தெரியும்க்கா. கொஞ்சம் அந்தப் பக்கமா வந்து பிடிச்சுக்கோங்க. நான் ஒருத்தியா கழட்டினா கீழ விழுந்து தகடு வளைஞ்சுடும்."

ஊடுருவும் போல்ட்டின் இயல்பு அது. தலை உள்பக்கம், கைப்பிடி வெளிப்பக்கம். உள்ளே ஒருவர் திருக, வெளியே ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். இத்தனை பெரிய துரோகத்துக்குப் பிறகும் அந்த வேலைக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். வேறு யாரும் கடையில் இல்லை. அக்கா ஒரு பெருமூச்சுடன் வெளிப்பக்கம் சென்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். தங்கை கதவுக்குப் பின்னால் போனார். நடுவே முப்பத்தைந்து மில்லிமீட்டர் பலகை நின்றது.

சாவி திரும்பியது.

"உன்னை ஒதுக்கணும்னு நினைக்கல" என்றது பலகைக்கு அப்பாலிருந்து அக்காவின் குரல். "கடை என் பேர்ல இருக்கு. கதவு செய்யற பேரு மட்டும் உனக்கு. எல்லாரும் வந்து, உங்க தங்கச்சி கை பொன்னு, பொன்னுன்னு சொல்றாங்க. ஒருத்தராவது கைப்பிடியைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்களா?"

"கெட்டியா பிடிங்க. மேல் போல்ட்டு வந்துடுச்சு."

"பிடிச்சிருக்கேன். பேசேண்டி ஏதாவது. திட்டவாவது திட்டு."

தங்கை கீழ் போல்ட்டில் சாவியை வைத்தார். திட்டுவதற்குச் சொற்கள் இல்லாமல் இல்லை. ஒன்றைத் தொடங்கினால் தமது பதினொரு ஆண்டுகளையும் திட்டவேண்டி வரும் என்று அவருக்குத் தோன்றியது. பிடரி மயிர் என்று அக்கா சொன்னபோது, எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்து காபி போட்டுக் கொடுத்ததையும் சேர்த்துத் திட்டவேண்டும்.

போல்ட் கழன்றது. மறுபக்கம் கைப்பிடியின் எடை அக்காவின் கைகளில் இறங்கும் சத்தம் கேட்டது. போல்ட் இருந்த துளை வழியாக ஒரு காசளவு வெளிச்சம் வந்தது.

இரண்டாவது கைப்பிடியைக் கழற்றும்போது அக்கா சொன்னார்: "சாயங்காலம் அந்தம்மா உன்கிட்ட கேப்பாங்க. உன் டிசைனை நீதான் மனசாரக் குடுத்தேன்னு நான் சொல்லியிருக்கேன். இல்லன்னா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாங்க. அவங்க அந்த மாதிரி ஆளு. நீ சும்மா ஆமான்னு தலையை ஆட்டிடு. எனக்காக இல்லன்னாலும், நாளைக்கு நம்ம ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கணும் இல்ல?"

தங்கை கடைசி போல்ட்டைக் கழற்றி எடுத்துத் தரையில் வைத்தார். இந்தப் பக்கம் வந்தபோது, அக்கா இரண்டு கைப்பிடிகளையும் குழந்தைகளைப்போல மார்போடு அணைத்து நின்றுகொண்டிருந்தார்.

"இந்த போல்ட்டு எனக்கு எட்டாதுக்கா" என்றார் தங்கை.

அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். மேலே 50 என்று எழுதி ஒட்டிய பொட்டலம். உள்ளே அறுபத்தைந்து நீள போல்ட்கள், எண்ணிக்கை பிசகாமல். சரியான பொட்டலத்தை முதலிலேயே போட்டு வைத்திருக்கிறார். பிறகு பெரிய கைப்பிடிகளைக் கடைக் கதவுக்கு எடுத்துக்கொண்டு, இதை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, மெஷின்காரரின் கதவுக்கு வைத்திருந்ததை அனுப்பியிருக்கிறார். தங்கை அதை வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தால் "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

மூன்றேகால் மணிக்கு மில்லிமீட்டர் துளைபோடத் தொடங்கினார். நடந்ததைத் தங்கை நான்கே வரிகளில் சொன்னார். அவர் தலையைக் குனிந்தபடி, "உங்க அக்காவை இந்த விஷயத்துல நான் ஒரு மில்லிகூட சந்தேகப்பட்டதில்லம்மா" என்றார். வேறொரு நாளாக இருந்தால் தங்கை சிரித்திருப்பார்.

தகடுகள் மேடையில் உட்கார்ந்தன. ஓரத்தில் சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர். போல்ட்கள் கதவை ஊடுருவி வந்து மரையைக் கவ்வின. சிங்கமுகத்தின் வளையம் குமிழில் விழுந்து கணீரென்றது.

விடுதியம்மா நான்கு மணிக்கு வந்தார். கைப்பிடியைப் பற்றி இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். கொடியின் மேல் உள்ளங்கையை மெல்ல ஓட்டினார்.

"இது காலையில பாத்த மாதிரி இல்ல" என்றார் மெதுவாக. "டிசைன் ஒண்ணுதான். ஆனா இது வேற. இது மூச்சு விடுது."

"நன்றிம்மா."

"உங்களுக்குப் பெரிய மனசு. ராத்திரி பகலா உக்காந்து யோசிச்ச டிசைனை, எடுத்துக்கோங்கன்னு குடுத்திருக்கீங்க. உங்க அக்கா சொன்னதும் நான் ரெண்டு தடவை கேட்டேன், நிஜமா சம்மதமான்னு. நீங்கதான் சந்தோஷமா குடுத்தீங்களாமே?"

உள்பக்கம் கடைசி போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்த மில்லிமீட்டரின் சாவி நின்றது.

தங்கை தம் கைகளைப் பார்த்தார். விரல் இடுக்குகளில் பித்தளையின் பச்சை வாடை இருந்தது. சிறு வயதிலிருந்து அக்காவைப் பற்றி வெளியாரிடம் ஒரு சொல்கூடக் குறைத்துப் பேசியதில்லை. பள்ளியில் அக்கா உடைத்த சிலேட்டுப் பலகைக்குத் தாம் அடி வாங்கியதும் உண்டு. அது அப்போது அன்பாக இருந்தது. ஆமாம் என்று தலையசைத்தால், அக்கா நாளைக்கே சிரித்துக்கொண்டு வருவார். அடுத்த கதவுக்குத் தகடு கொண்டுவருவார். தாளும் கரிக்கட்டியும் கொண்டுவருவார்.

"இல்லம்மா" என்றார். "நான் குடுக்கல. என்கிட்ட யாரும் கேக்கவே இல்ல. இன்னிக்கு மத்தியானம்தான் எனக்கே தெரியும். நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க, அதை மாத்தச் சொல்லி நான் சொல்லல. நான் சம்மதிச்சேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. தயவுசெஞ்சு."

விடுதியம்மா கதவை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"அப்போ உங்க அக்கா என்கிட்ட பொய் சொல்லியிருக்காங்க."

'அவசரத்துல சொல்லியிருப்பாங்க, பாவம், ஒத்தை ஆளு' என்ற வாக்கியம் தங்கையின் வாய் வரைக்கும் வந்தது. காலையில் அது எத்தனை சுலபமாக வந்ததோ, அத்தனை சுலபமாக இப்போதும் வந்தது. அதை விழுங்கினார்.

"ஆமாம்மா" என்றார்.

விடுதியம்மா கைப்பேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார். யாரை அழைக்கப்போகிறார், என்ன சொல்லப்போகிறார் என்று தங்கை கேட்கவில்லை. கதவின் உள்பக்கம் சென்று, மில்லிமீட்டரின் கையிலிருந்து சாவியை வாங்கி, பாதியில் நின்ற போல்ட்டைத் தாமே இறுக்கத் தொடங்கினார். மில்லிமீட்டர் வெளிப்பக்கம் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.